ஸ்லாபின் தடிமனிலிருந்து குறைந்தபட்சக் கம்பி: சதவீதம், இடைவெளி, எடை

ஒரு ஸ்லாபுக்கு மெயின் கம்பி எவ்வளவு என்று சொல்ல அதன் நீளம், சுமை, கான்கிரீட்டின் தரம், சுவர்களில் உட்காரும் விதம் எல்லாம் தெரிய வேண்டும். குறைந்தபட்சக் கம்பிக்கு அது எதுவும் தேவையில்லை. தடிமனும் கம்பியின் வகையும் தெரிந்தால் போதும். அந்த எண்ணிலிருந்து இடைவெளி வரும், இடைவெளியிலிருந்து எடை வரும். கணக்கு அரைப் பக்கம்தான். ஆனால் இடைவெளிக்குத் தனியாக ஒரு உச்ச வரம்பு இருக்கிறது, வலிமைக்கான கணக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த மூன்றில் எந்த இடத்தில் எது ஆட்சி செய்கிறது என்று தெரியாமல் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் தவறான கம்பிதான் போகும். அதனால் இங்கே ஒரே ஒரு ஸ்லாபை எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். அப்புறம் அதே ஸ்லாபின் தடிமனை மட்டும் மாற்றி, எண்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்க்கலாம்.

இங்கே அடிப்படையாக எடுத்துக்கொள்வது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000. மற்ற இரண்டு தரநிலைகள் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் இடையில் சொல்கிறேன்.

படி 1: சதவீதம் எதன் மீது?

ஸ்லாபில் ஒவ்வொரு திசையிலும் இருக்க வேண்டிய கம்பி, மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது முறுக்கு வரிகள் உள்ள உயர்வலிமைக் கம்பிக்கும் வெல்டிங் வலைக்கும் உரியது. வரியில்லாத மைல்டு ஸ்டீல் கம்பி என்றால் 0.15 சதவீதம்.

இந்த விதியில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, "ஒவ்வொரு திசையிலும்". இரண்டு திசையையும் கூட்டினால் 0.12 வந்தால் போதும் என்று இல்லை. மெயின் கம்பிக்கும் இது பொருந்தும், அதற்குக் குறுக்கே கட்டும் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிக்கும் பொருந்தும். இன்னொன்று, "மொத்த". அதாவது ஸ்லாபின் முழுத் தடிமன். வலிமைக் கணக்கில் நாம் பழகிப்போன பயனுறு ஆழம், அதாவது மேல் முகத்திலிருந்து கம்பியின் நடுவரை உள்ள தூரம், இங்கே வராது.

காரணம் எளிது. இந்தக் கம்பி சுமையைத் தாங்க வைத்ததல்ல. கான்கிரீட் உலரும்போது சுருங்கும், வெப்பம் ஏறி இறங்கும்போது நீளும், குறுகும். சுற்றியுள்ள சுவரும் பீமும் அதைத் தடுக்கும்போது ஸ்லாபின் முழுத் தடிமனும் இழுவிசைக்கு ஆளாகிறது. கம்பிக்கு வெளியே கவராக இருக்கும் கான்கிரீட்டும் சேர்ந்துதான் சுருங்குகிறது. ஆகவே முழுத் தடிமனையும் கணக்கில் எடுப்பதே முறை.

ஒரு மீட்டர் அகலப் பட்டைக்கு எழுதினால் சூத்திரம் இவ்வளவு சுருங்கிவிடும். D என்பது மி.மீ. கணக்கில் தடிமன், விடை ஒரு மீட்டருக்கு எத்தனை சதுர மி.மீ. கம்பி என்பது.

```
Ast,min = 0.0012 × 1000 × D = 1.2 × D
```

150 மி.மீ. ஸ்லாப் என்றால் 180. 200 என்றால் 240. இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

வேறு தரநிலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 318 இதே முழுத் தடிமனை எடுத்துக்கொண்டு 0.18 சதவீதம் கேட்கிறது. 150 மி.மீ. ஸ்லாபுக்கு அது 270 சதுர மி.மீ., நம் கணக்கைவிட ஒன்றரை மடங்கு. யூரோகோட் 2 கான்கிரீட்டின் இழுவலிமையையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் அது பயனுறு ஆழத்தின் மீது வருவது, குறைந்தபட்சம் 0.13 சதவீதம். ஒரு தரநிலையின் சதவீதத்தை எடுத்து இன்னொன்றின் ஆழத்தோடு பெருக்கிவிட்டால் விடை இரண்டுக்கும் சேராது. இணையத்தில் சுற்றும் எக்செல் தாள்களில் இதை அவ்வப்போது காணலாம்.

படி 2: பரப்பை இடைவெளியாக மாற்றுவது

ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பை a என்று வைத்துக்கொண்டால், இடைவெளி இப்படி வரும்.

```
s = 1000 × a / Ast
```

8 மி.மீ. கம்பிக்கு a = 50.27 சதுர மி.மீ., 10 மி.மீ. கம்பிக்கு 78.54. இதில் முந்தைய சூத்திரத்தைச் செருகினால், இடைவெளியும் தடிமனும் பெருகி ஒரே எண்ணைத் தருகின்றன.

```
8 மி.மீ. : s × D = 41,890
10 மி.மீ. : s × D = 65,450
```

எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். அட்டவணை தேட வேண்டாம், தடிமனால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். 150-க்கு 41,890-ஐ வகுத்தால் 279 மி.மீ. இதைவிட முக்கியம், தடிமன் கூடினால் இடைவெளி குறைந்தே ஆக வேண்டும் என்பது இதில் கண்ணுக்கே தெரிகிறது. ஸ்லாபைத் தடிமனாக்கினால் கம்பியைத் தள்ளிக் கட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. வலிமைக் கணக்கில் அது ஓரளவு உண்மையும்கூட. குறைந்தபட்சக் கம்பியில் நடப்பது அதற்கு நேர் எதிர்.

வந்த விடையை எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 279 என்பதை 275 ஆக்கலாம், 250 ஆக்கலாம். 300 ஆக்கினால் ஒரு மீட்டருக்கு 168 சதுர மி.மீ. மட்டுமே கிடைக்கும், சதவீதம் 0.112-க்கு இறங்கிவிடும்.

படி 3: இடைவெளியின் உச்ச வரம்போடு ஒப்பிடுவது

சதவீதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கம்பிகள் தூரத் தூர இருந்தால் இடையில் உள்ள கான்கிரீட் தன் போக்கில் வெடிக்கும். அதனால் மெயின் கம்பியின் இடைவெளி பயனுறு ஆழத்தின் மூன்று மடங்கு, 300 மி.மீ. இரண்டில் சிறியதைத் தாண்டக் கூடாது. டிஸ்ட்ரிபியூஷன் கம்பிக்கு ஐந்து மடங்கு, 450 மி.மீ. இரண்டில் சிறியது. இங்கே வருவது பயனுறு ஆழம். சதவீதத்துக்கு முழுத் தடிமன், இடைவெளி வரம்புக்குப் பயனுறு ஆழம் என்று பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிபியூஷன் கம்பிக்கு 450 வரை அனுமதி இருந்தாலும், 300-ஐத் தாண்டி வரைபடத்தில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. கம்பி கட்டுகிறவர் அதன் மேல் நடந்துதான் வேலை செய்ய வேண்டும். 450 இடைவெளியில் கட்டிய 8 மி.மீ. கம்பி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே வளைந்து நெளிந்திருக்கும்.

இப்போது மெயின் கம்பிக்கான 300-ஐ நம் பெருக்கல் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். 8 மி.மீ. கம்பிக்கு 41,890-ஐ 300-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 140. ஸ்லாபின் தடிமன் 140 மி.மீ.க்குக் கீழே இருந்தால் 0.12 சதவீதம் கேட்கும் இடைவெளி 300-க்கு மேல் போய்விடும். அதாவது அங்கே சதவீதம் வேலையே செய்யாது, இடைவெளி வரம்புதான் கம்பியைத் தீர்மானிக்கும். 140-க்கு மேலே போனால் சதவீதம் கைக்கு வரும்.

100 மி.மீ. ஸ்லாபில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சதவீதம் கேட்பது 419 மி.மீ. இடைவெளி. 20 மி.மீ. கவர், 8 மி.மீ. கம்பி என்றால் பயனுறு ஆழம் 76. மூன்று மடங்கு 228. ஆக மெயின் கம்பியை 225-ல் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் சதவீதம் 0.22 ஆகிவிடும், குறைந்தபட்சத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லிய ஸ்லாபுக்கு 0.12 சதவீதத்தில் எடை கணக்குப் போட்டுக் கம்பி வாங்கினால் தளத்தில் பற்றாக்குறை வருவது இதனால்தான்.

கம்பியின் விட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஸ்லாபின் தடிமனில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 100 மி.மீ. ஸ்லாபில் 12 மி.மீ. கம்பிவரை போகலாம். இது பெரும்பாலும் தடையாக வருவதில்லை. தடை வேறு இடத்தில் வருகிறது. குறைந்தபட்சக் கம்பி மட்டும் போதுமான மெயின் திசையில் 8-க்குப் பதில் 10 மி.மீ. போட்டால் 300 வரம்பு 218 மி.மீ. தடிமன்வரை உங்களைக் கட்டிப்போடும். 150 ஸ்லாபில் 10 மி.மீ. கம்பியை 300-ல் கட்டினால் 262 சதுர மி.மீ. போகிறது, தேவையோ 180. கிட்டத்தட்ட பாதி அதிகம். குறைந்தபட்சக் கம்பிக்கு மெல்லிய கம்பியை நெருக்கிக் கட்டுவதே எடையிலும் சிக்கனம், வெடிப்புக்கும் நல்லது.

படி 4: ஒரு ஸ்லாபை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்

உள்ளளவு 3 மீட்டருக்கு 7 மீட்டர் உள்ள அறை. சுற்றிலும் 200 மி.மீ. சுவர், ஸ்லாப் சுவரின் முழு அகலத்திலும் உட்காருகிறது. ஆகவே ஸ்லாபின் வெளியளவு 3.4 மீட்டருக்கு 7.4 மீட்டர். நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் இது ஒருதிசை ஸ்லாப், மெயின் கம்பி 3 மீட்டர் பக்கமாக ஓடும். எம்25 கான்கிரீட், எஃப்.ஈ. 500 கம்பி, 20 மி.மீ. கவர். தரை வேலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன், பயன்பாட்டுச் சுமை 2 கிலோநியூட்டன்.

தடிமன் 150 மி.மீ. என்று எடுக்கிறேன். 125 போதாதா என்றால், வலிமைக்குப் போதும், தொய்வுக்கான நீள-ஆழ விகிதத்தில் தோற்றுவிடும்.

எடையும் சுமையும் சேர்த்து 3.75 + 1 + 2 = 6.75. ஒன்றரை மடங்கு 10.125. பயனுறு ஆழம் 150 − 20 − 4 = 126. கணக்குக்கு எடுக்கும் நீளம், உள்ளளவு 3 மீட்டரோடு அந்த ஆழத்தையும் கூட்டி, 3.126 மீட்டர். வளைவுத் திருப்புமை 10.125 × 3.126² / 8, அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 12.4 கிலோநியூட்டன்-மீட்டர். இதற்குத் தேவையான கம்பி 235 சதுர மி.மீ.

குறைந்தபட்சம் 180. 235 அதைவிடப் பெரியது. எனவே மெயின் கம்பியில் வலிமைதான் ஆட்சி செய்கிறது. 8 மி.மீ. கம்பிக்கு இடைவெளி 50,270 / 235 = 213. அதை 200 ஆக்குகிறேன். 300 வரம்புக்குள் வசதியாக இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூஷன் திசையில் வளைவுக்காகக் கணக்குப் போட்ட கம்பி எதுவும் இல்லை. அங்கே குறைந்தபட்சம் மட்டும்தான், 180. இடைவெளி 279, அதை 275 ஆக்கலாம். 450 வரம்பு கிட்டவே வரவில்லை. 275-ல் கட்டினால் 183 சதுர மி.மீ. கிடைக்கும்.

ஆக ஒரே ஸ்லாபில் ஒரு திசையை வலிமையும் இன்னொரு திசையைத் தடிமனும் தீர்மானிக்கின்றன. சாதாரண வீட்டு ஸ்லாபில் நிலைமை பெரும்பாலும் இதுதான். குறுகிய நடைபாதை ஸ்லாபாக இருந்தால் மெயின் திசையும் குறைந்தபட்சத்தில் போய் நிற்கும்.

படி 5: எடை

கம்பியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. ஒரு சதுர மி.மீ. பரப்புள்ள கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.00785 கிலோ. இதை 1.2 D-யோடு பெருக்கினால், குறைந்தபட்சக் கம்பியின் எடை ஒரு திசைக்கு, ஒரு சதுர மீட்டருக்கு இப்படி வரும்.

```
w = 0.00942 × D   (கிலோ / ச.மீ., ஒரு திசை)
```

150-க்கு 1.41 கிலோ. கான்கிரீட்டின் கன அளவுக்கு மாற்றினால் தடிமன் அடிபட்டுப் போய் 9.42 கிலோ என்று நிலையான எண் வரும், இரண்டு திசைக்கும் சேர்த்து 18.84. ஸ்லாப் 100 ஆனாலும் 250 ஆனாலும், கன மீட்டருக்கு இதற்குக் கீழே கம்பி இருக்க முடியாது. யாராவது கன மீட்டருக்கு 15 கிலோ என்று கணக்குக் காட்டினால் வரைபடத்தைத் திறக்காமலே அதைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் இதைக் கொள்முதலுக்கான எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்லாபில் ஒரு சதவீதக் கம்பி என்று போடுகிற தோராயக் கணக்கு கன மீட்டருக்கு 78.5 கிலோ. அதில் மேல் கம்பி, லேப், கிராங்க் எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். 18.84 தரைமட்டம், 78.5 தாராளம், உண்மை எண் நடுவில் எங்கோ இருக்கும். அதைக் கம்பியை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

எண்ணுவோம். 8 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 0.395 கிலோ. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் பழைய வழியிலும் இதுதான் வரும்.

மெயின் கம்பியின் நீளம் 3.4 மீட்டரில் இரு பக்கமும் 20 மி.மீ. கவர் போக 3.36. அவை பரவியிருக்கும் தூரம் 7.36 மீட்டர். 200-ஆல் வகுத்தால் 36.8. இடைவெளி கூடக் கூடாது என்பதால் 37 இடைவெளி, 38 கம்பி. மொத்தம் 127.7 மீட்டர், 50.4 கிலோ.

டிஸ்ட்ரிபியூஷன் கம்பியின் நீளம் 7.36. அவை பரவியிருக்கும் தூரம் 3.36. 275-ஆல் வகுத்தால் 12.2, அதாவது 13 இடைவெளி, 14 கம்பி. மொத்தம் 103 மீட்டர், 40.7 கிலோ. 12 மீட்டர் கம்பியிலிருந்து நேராக வெட்டிவிடலாம், லேப் தேவையில்லை.

கூட்டினால் 91.1 கிலோ. இதில் சுவரோரத்து மேல் கம்பி, சேர், வெட்டுக் கழிவு எதுவும் இல்லை.

இப்போது டிஸ்ட்ரிபியூஷன் கம்பியைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 183 × 0.00785 = 1.44, அதைப் பரப்பளவு 25.16 ச.மீ.யோடு பெருக்கினால் 36.1 கிலோ. எண்ணினால் 40.7. இந்த வித்தியாசம் பிழையல்ல. 12.2-ஐ 13 ஆக்கியதும், கடைசிக் கம்பியாக ஒன்றைக் கூட்டியதும் சேர்ந்து குறுகிய பக்கத்தில் பெரிதாகத் தெரிகின்றன. மெயின் திசையில் சூத்திரம் 49.6, எண்ணிக்கை 50.4. பரவும் தூரம் நீளமாக இருந்தால் இரண்டும் நெருங்கிவிடும், குறுகலாக இருந்தால் சூத்திரம் குறைத்தே காட்டும். சின்னச் சின்ன அறைகளாக உள்ள கட்டடத்தில் சதுர மீட்டர் கணக்கை நம்பிக் கம்பி இறக்கினால் ஒவ்வொரு அறையிலும் ஒன்றிரண்டு கம்பி குறைவதற்கு இதுதான் காரணம்.

படி 6: தடிமனை மாற்றினால் என்ன ஆகிறது

அதே அறை, அதே சுமை, தடிமன் மட்டும் 175. சுய எடை கூடியதால் திருப்புமை 13.7 ஆகிறது, ஆனால் ஆழம் 151-ஆகக் கூடியதால் வலிமைக்குத் தேவையான கம்பி 235-லிருந்து 215-ஆகக் குறைகிறது. குறைந்தபட்சமோ 180-லிருந்து 210-ஆக ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடப் போகின்றன. 200 மி.மீ. எடுத்தால் வலிமைக்கு 202 போதும், குறைந்தபட்சம் 240. மெயின் திசையிலும் இப்போது தடிமன்தான் ஆட்சி.

| தடிமன் (மி.மீ.) | வலிமைக்கு | குறைந்தபட்சம் | மெயின் 8 மி.மீ. | டிஸ்ட்ரிபியூஷன் 8 மி.மீ. | எண்ணிய எடை (கிலோ) |
|---|---|---|---|---|---|
| 150 | 235 | 180 | 200 | 275 | 91.1 |
| 175 | 215 | 210 | 225 | 225 | 91.6 |
| 200 | 202 | 240 | 200 | 200 | 102.8 |

150-லிருந்து 175-க்குப் போகும்போது மெயின் கம்பியில் மிச்சமான 5 கிலோவை டிஸ்ட்ரிபியூஷன் கம்பி அப்படியே விழுங்கிவிட்டது. 200-க்குப் போனால் மிச்சமும் இல்லை, கம்பி 11 கிலோ கூடுகிறது. கான்கிரீட் 3.77 கன மீட்டரிலிருந்து 5.03 ஆகிறது. இந்த அறைக்கு ஏறத்தாழ 178 மி.மீ. தடிமன்தான் திருப்புமுனை. அதற்கு மேலே ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் இரண்டு திசையிலும் கம்பியைக் கூட்டும், குறைக்காது. சத்தம், தீத்தடுப்பு, கன்சீல்டு குழாய் என்று வேறு காரணம் இருந்தால் 200 போடலாம். "கம்பி மிச்சமாகும்" என்ற காரணத்துக்காகப் போட முடியாது.

0.12 சதவீதம் எதைச் செய்யாது

இந்த எண்ணைப் பற்றி ஒரு தவறான நிம்மதி உண்டு. 150 ஸ்லாபில் கான்கிரீட் முதல்முறை வெடிக்கும் திருப்புமையைப் போட்டுப் பாருங்கள். எம்25-க்கு வளைவு இழுவலிமை 3.5, அதை 1000 × 150² / 6-ஆல் பெருக்கினால் 13.1 கிலோநியூட்டன்-மீட்டர். 180 சதுர மி.மீ. கம்பி 126 ஆழத்தில் தாங்கக்கூடியது 9.6 மட்டுமே. அதாவது, கான்கிரீட் வெடித்த நிமிடத்தில் அதுவரை அது தாங்கிய விசையை இந்தக் கம்பியால் முழுசாக வாங்கிக்கொள்ள முடியாது. சுருக்கத்தையும் வெப்பத்தையும் சமாளிக்க வைத்த கம்பியை வளைவுக்கான காப்புறுதியாக எண்ணக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சுருக்கத்திலும்கூட அதற்கு எல்லை உண்டு. நான்கு பக்கமும் உறுதியான சுவர்களுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்ட நீளமான ஸ்லாபில் 0.12 சதவீதம் வெடிப்பை மெல்லியதாக வைக்காது. வெடிப்பு எண்ணிக்கையில் குறைவாகவும் அகலத்தில் பெரிதாகவும் வரும். மெயின் கம்பிக்கு இணையாக, குறுகிய பக்கமாக, ஏறத்தாழ சம தூரங்களில் கோடு விழுந்தால் அது டிஸ்ட்ரிபியூஷன் கம்பி போதாமையின் அடையாளம். நீர்த்தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 தரநிலை 2009-ல் வெளிவந்த பதிப்பில், வரிக்கம்பிக்கு மேற்பரப்பு மண்டலத்தில் 0.35 சதவீதம் கேட்டது. நீர் கசியக் கூடாத இடத்துக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அந்த மூன்று மடங்கு காட்டுகிறது.

தளத்தில் எங்கே பிசகும்

முதலாவது, முழுத் தடிமனுக்குப் பதில் பயனுறு ஆழத்தில் சதவீதம் போடுவது. 126-ஐ வைத்துப் போட்டால் 151 வரும், இடைவெளி 332 என்று வரும், அதை 300 என்று எழுதிவிடுவார்கள். பார்க்கக் கண்ணியமான எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 150 ஸ்லாபின் டிஸ்ட்ரிபியூஷன் கம்பியில் 8 மி.மீ., 300 என்று கண்டால், அங்கே போய் நின்று பாருங்கள்.

இரண்டாவது, கம்பியின் எடை. ஐ.எஸ். 1786 தரநிலையில் 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்கு எடையில் 7 சதவீதம் கூடக்குறைய அனுமதி உண்டு. 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.367 கிலோவாக வந்தாலும் அது சட்டப்படி சரிதான். அப்போது அதன் பரப்பு 50.27 அல்ல, 46.75. 275 இடைவெளியில் அது 170 சதுர மி.மீ. ஆகிவிடும், 0.113 சதவீதம். அதே கம்பியை 250-ல் கட்டினால் 187, தப்பித்துவிடும். தரநிலை பெயரளவு விட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்கிறது, எனவே 275 தப்பில்லை. ஆனாலும் நான் வரைபடத்தில் 250 என்றுதான் எழுதுவேன். நம் ஸ்லாபில் அதற்கு ஒரே ஒரு கம்பி கூடும், மூன்று கிலோவுக்கும் குறைவு. டேப்பில் பிடிக்கவும் அது எளிது. சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் துண்டை வெட்டி எடை போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இடைவெளியை அளக்கும் விதம். இரண்டு கம்பிக்கு நடுவில் டேப் வைத்தால் ஒன்று 240 காட்டும், அடுத்தது 310 காட்டும். பத்து இடைவெளியைச் சேர்த்து, கம்பி நடுவிலிருந்து கம்பி நடுவரை அளங்கள். 275 என்றால் 2,750-க்கு மேல் போகக் கூடாது. அப்புறம் தனி இடைவெளி எதுவும் உச்ச வரம்பைத் தாண்டவில்லை என்று ஒரு முறை கண்ணோட்டம் விடுங்கள்.

நான்காவதுதான் அதிகம் நடப்பது: வரைபடத்தில் தடிமன் மாறும், கம்பிக் குறிப்பு மாறாது. 150 என்று வரைந்த ஸ்லாபைக் குழாய் போகட்டும் என்று 175 ஆக்குவார்கள், பக்கத்தில் 8 மி.மீ., 275 என்பது அப்படியே நிற்கும். 183-ஐ 175 தடிமனுக்குப் போட்டால் 0.104 சதவீதம். சென்ட்ரிங் மட்டம் இறங்கி தானாகவே தடிமன் கூடினாலும் இதே கதைதான். கான்கிரீட் போடும் முன் சென்ட்ரிங் பலகையிலிருந்து மேல்மட்ட நூல்வரை நான்கைந்து இடத்தில் அளந்து, அந்த எண்ணால் 41,890-ஐ வகுத்துப் பாருங்கள். கட்டியிருக்கும் இடைவெளி அந்த விடையைவிடப் பெரிதாக இருந்தால் கம்பி போதவில்லை.

நம் ஸ்லாபில் அப்படி 175 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேவையான இடைவெளி 239. 3.36 மீட்டரை அதால் வகுத்தால் 14.06, அதாவது 15 இடைவெளி, 16 கம்பி. கட்டியிருப்பது 14. இரண்டு கம்பியை இடையில் செருகிவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் மட்டும் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் பழைய 275 ஆகவும் நிற்கும். கட்டுக்கம்பியை அவிழ்த்து, பதினாறு கம்பியையும் 224 இடைவெளியில் பரப்பிக் கட்டுவதுதான் சரி. கூடுதல் கம்பி 14.7 மீட்டர், 5.8 கிலோ. கட்டுகிறவருக்கு அரை நாள் வேலை.